எலக்ட்ரானிக்ஸ் ஃப்ரெஷர் ரெஸ்யூமே: புராஜெக்ட் பகுதி பற்றி ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

பெங்களூரில் சிப் வெரிஃபிகேஷன் வேலையில் இருக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் போதும், நான் படித்த கல்லூரியின் ஈசிஇ ஜூனியர்கள் வாட்சாப்பில் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டு "அண்ணா, ஒரு தடவை பாருங்க" என்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே அதன் வரிகளைத் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணா, விஎல்எஸ்ஐக்கும் எம்பெடடுக்கும் ஒரே ரெஸ்யூமே போதுமா?

போதாது. இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், படிப்பு, மார்க் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மாற வேண்டியது புராஜெக்ட்டுகளின் வரிசையும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒதுக்கும் இடமும்தான். சிப் டிசைன் பக்கம் போகிறதென்றால் வெரிலாக் வேலை மேலே வந்து நான்கு வரி பிடிக்கட்டும், ஆர்டுயினோ வேலை கீழே ஒரு வரியில் நிற்கட்டும். எம்பெடட் என்றால் தலைகீழ்.

இரண்டுமே ஒரே பக்கம், ஒற்றை நெடுவரிசை, பிடிஎஃப். ஸ்கில் அளவைக் காட்ட நட்சத்திரமோ சதவிகிதப் பட்டையோ வேண்டாம். "வெரிலாக் 80%" என்று போட்டு வந்த ஒரு தம்பியிடம் மீதி 20 என்ன என்று கேட்டேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

லேப்ல செஞ்ச எக்ஸ்பெரிமென்ட்டை புராஜெக்ட்னு போடலாமா?

ரெக்கார்டு நோட்டில் இருப்பதை அப்படியே போட வேண்டாம். ஹாஃப் ஆடர், ஃபுல் ஆடர், 555 டைமர் எல்லாம் எல்லோரும் செய்தவை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். அவரும் அதே லேப்பில் நின்றவர்தான்.

ஆனால் அந்தச் சோதனையை மேனுவல் நிறுத்திய இடத்திலிருந்து ஓரடி தள்ளிக்கொண்டு போயிருந்தால் அது புராஜெக்ட்தான். சிமாஸ் இன்வெர்ட்டரை எல்டிஸ்பைஸில் வரைந்து வெளியீட்டு அலையைப் பார்த்தது சோதனை. அதிலேயே பிமாஸ் அகலத்தை என்மாஸைப் போல ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மாற்றி, ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் எந்த விகிதத்தில் சமமாகின்றன என்று அளந்து ஒரு வரைபடம் போட்டிருந்தால் ஒரு வரிக்குத் தகுதி உண்டு. ஒரு சனிக்கிழமை மதியம் போதும் இதற்கு.

டூல்ஸ் லிஸ்ட்ல எதெல்லாம் போடணும்? கேடன்ஸ் லேப்ல ரெண்டு தடவைதான் திறந்தேன்

கேடன்ஸைத் தனியாக லிஸ்ட்டில் போடாதீர்கள். எந்த டூலில் எந்த வேலையைச் செய்தீர்களோ, அந்தப் புராஜெக்ட் வரியிலேயே டூலின் பெயர் வரட்டும். லிஸ்ட்டில் சும்மா நிற்கும் பெயரைப் பார்த்தால் "இதில் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விதான் முதலில் வரும். இரண்டு தடவை திறந்தவருக்கு அங்கே பதில் இருக்காது.

விலை கொடுத்து வாங்கும் டூல் கையில் இல்லை என்பதற்காக வருந்தவும் வேண்டாம். ஐகாரஸ் வெரிலாக், ஜிடிகேவேவ், யோசிஸ், எல்டிஸ்பைஸ், கைகேட் எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. விவாடோவிலும் மாணவர்கள் வாங்கும் சின்ன போர்டுகளுக்கான பதிப்பு இலவசம். நான் பார்த்தவரை, ஃப்ரெஷரிடம் டூலின் மெனு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது கொடுத்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியுமா என்றுதான் தோண்டுவார்கள்.

புராஜெக்ட்டை எப்படி எழுதறதுன்னு ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்

போன வருடம் ஒரு தம்பி அனுப்பிய வரி இது: "வெரிலாக் மொழியில் யுஆர்ட் வடிவமைத்து, விவாடோவில் சிமுலேட் செய்து, பேசிஸ் 3 போர்டில் இறக்கினேன்." தவறு ஒன்றும் இல்லை, ஆனால் இதே வரி நூறு பேரிடம் இருக்கும். போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டேன். பாட் ரேட் என்ன? 115200. போர்டு கிளாக்? 100 மெகாஹெர்ட்ஸ். ஒரு பிட்டுக்கு எத்தனை தடவை சாம்பிள் எடுக்கிறாய்? 16. அப்படியென்றால் 100000000 / (115200 × 16) = 54.25. முழு எண்ணாக 54 வைத்திருக்கிறான். அதனால் உண்மையான வேகம் 115741, பிழை 0.47 சதவிகிதம். ஸ்டாப் பிட்டின் நடுவுக்கு வருவதற்குள் ஒன்பதரை பிட் நேரம் கடந்திருக்கும். அதுவரை சேரும் நகர்வு ஒரு பிட்டில் 4.5 சதவிகிதம்தான், அரை பிட் வரை தாங்கும். இந்தக் கணக்கு முழுவதும் அவன் தலையில் இருந்தது, ரெஸ்யூமேயில் ஒரு எழுத்துகூட இல்லை.

அடுத்து, "போர்டில் போட்டதும் வேலை செய்ததா?" என்றேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, சிமுலேஷன் சுத்தமாக இருந்தது, போர்டில் மட்டும் எப்போதாவது ஒரு எழுத்து மாறி வந்தது என்றான். காரணம், rx கம்பியை நேராக ஸ்டேட் மெஷினுக்குள் விட்டிருந்தான். வெளியிலிருந்து வரும் சிக்னலுக்கு நம் கிளாக் எப்போது அடிக்கிறது என்று தெரியாது. அது மாறும் அதே நொடியில் கிளாக் அடித்தால், ஒரு ஃப்ளிப்ஃப்ளாப் 0 என்றும் பக்கத்து ஃப்ளிப்ஃப்ளாப் 1 என்றும் படித்துவிடும். டெஸ்ட்பெஞ்சில் rx எப்போதும் கிளாக்கோடு ஒட்டியே மாறியதால் அங்கே இது தெரியவே இல்லை. rx-ஐ இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் வழியாகக் கடத்தினான். அதன் பிறகு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு லட்சம் பைட் அனுப்பித் திருப்பி வாங்கியதில் ஒன்றுகூட மாறவில்லை.

இப்போது அந்த வரி இப்படி ஆனது: "100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் 115200 பாட் யுஆர்ட், 16 மடங்கு சாம்பிளிங், பாட் பிழை 0.47%. போர்டில் மட்டும் தெரிந்த பைட் பிழையை rx உள்ளீட்டில் இரண்டு-ஃப்ளாப் சிங்க்ரனைசர் வைத்துச் சரிசெய்தேன். 1,00,000 பைட் லூப்பேக்கில் பிழை இல்லை. 49 ஃப்ளிப்ஃப்ளாப்." அந்த 49 எங்கிருந்து வந்தது என்று கையால் எண்ணிப் பார்க்கச் சொன்னேன், 45தான் வந்தது. சிந்தசிஸ் லாகைப் புரட்டினால், நான்கு நிலை கொண்ட இரண்டு ஸ்டேட் மெஷின்களையும் டூல் one-hot ஆக மாற்றியிருந்தது. ஒவ்வொன்றிலும் 2 ஃப்ளாப்புக்குப் பதில் 4, ஆக நான்கு கூடுதல். இன்டர்வியூவில் இதையே கேட்டார்களாம். பையன் பேப்பரில் எண்ணிக் காட்டிவிட்டு வந்தான்.

எங்கிட்ட போர்டே இல்ல, வெறும் சிமுலேஷன்தான். அதைப் போட்டா மதிப்பாங்களா?

மதிப்பார்கள். சிமுலேஷன் என்று வெளிப்படையாக எழுதுங்கள், போர்டில் ஓட்டியதுபோல் தோன்றும்படி எழுத வேண்டாம். வெரிஃபிகேஷன் வேலைக்குப் போகிறவருக்கு நல்ல டெஸ்ட்பெஞ்ச்தான் முக்கியம். ஆனால் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து "சரியாக இருக்கிறது" என்பது டெஸ்ட்பெஞ்ச் ஆகாது. அனுப்பியதையும் வந்ததையும் அதுவே ஒப்பிட்டு, பிழை எத்தனை என்று கடைசியில் அச்சடிக்க வேண்டும். ஓட்டுவதற்கு இவ்வளவுதான் தேவை:

```
iverilog -g2012 -o uart_tb uart_rx.v uart_tb.v
vvp uart_tb
```

மேலே சொன்ன யுஆர்டையே எடுத்துக்கொள்வோம். அனுப்புகிறவரின் பிட் நேரம் 8.68 மைக்ரோ நொடி. டெஸ்ட்பெஞ்சில் இதை அரை அரை சதவிகிதமாகக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, ரிசீவர் எங்கே உடைகிறது என்று பாருங்கள். ஒன்பதரை பிட்டில் அரை பிட் நகர்ந்தால் உடைய வேண்டும். அதாவது 5 சதவிகிதத்தை ஒட்டி. ரிசீவரிலேயே 0.47 சதவிகிதம் வேகம் கூடுதலாக இருப்பதால், ஒரு பக்கம் கொஞ்சம் முன்னாலேயே உடையும். "கணக்குப்படி இவ்வளவு, சிமுலேஷனில் இவ்வளவு, வித்தியாசத்துக்குக் காரணம் இது" என்று ரெஸ்யூமேயில் எழுத முடிந்தால், போர்டு இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. 10 சதவிகிதம் நகர்த்தியும் உடையவில்லை என்று வந்தால் டிசைனைப் பாராட்டிக்கொள்ளாதீர்கள், என்ன பைட் அனுப்பினீர்கள் என்று பாருங்கள். 0xFF அனுப்பினால் எட்டு பிட்டும், ஸ்டாப் பிட்டும் ஒன்றுதான். பக்கத்து பிட்டைத் தப்பாகப் படித்தாலும் அதே விடைதான் வரும். 0x55 அனுப்புங்கள், அதில் ஒவ்வொரு பிட்டும் மாறும்.

எல்எம்35 வச்சு டெம்பரேச்சர் மானிட்டர் செஞ்சேன். எல்லாரும் செய்யறதுதானே, விட்டுடவா?

விட வேண்டாம். "ஐஓடி அடிப்படையிலான ஸ்மார்ட்" என்று தொடங்கும் தலைப்பை மட்டும் விடுங்கள். சென்சார் எதுவாக இருந்தாலும் அதில் அளந்து பார்க்க ஏதாவது இருக்கும். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். ஆர்டுயினோ யூனோவின் ஏடிசி 10 பிட், ரெஃபரன்ஸ் வழக்கமாக 5 வோல்ட். ஆக ஒரு படி 4.9 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட அரை டிகிரி. இப்படியிருக்க எல்சிடியில் 30.27 என்று இரண்டு தசமம் காட்டினால், எதிரில் இருப்பவர் புன்னகைப்பார்.

அதைவிடப் பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. போர்டுக்கு யுஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் உண்மையில் 4.7 ஆகவும் இருக்கலாம். அறை 30 டிகிரி, சென்சார் 300 மில்லிவோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏடிசி 65 என்று சொல்லும். புரோகிராம் 5 வோல்ட் என்று நம்பிக் கணக்குப் போட்டால் 31.7 டிகிரி காட்டும். ஏறக்குறைய 2 டிகிரி தப்பு, அதுவும் லேப்டாப்பை மாற்றினால் மாறும் தப்பு. மல்ட்டிமீட்டரை 5V பின்னில் வைத்தாலே பிடிபட்டுவிடும். தீர்வு ஒரே வரி:

```
analogReference(INTERNAL);
```

யூனோவில் இது 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாற்றும். ஒரு படி ஏறக்குறைய 0.1 டிகிரி ஆகிவிடும், யுஎஸ்பி வோல்டேஜ் ஆடினாலும் கவலையில்லை. அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை வேறுபடும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. அதனால் AREF பின்னில் ஒரு முறை அளந்து, வந்த மதிப்பைப் புரோகிராமில் போட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதினால், எல்லோரும் செய்யும் புராஜெக்ட் உங்களுடையது ஆகிவிடும். எம்பெடட் வேலைக்கு என்றால் இன்னொன்றும் செய்யுங்கள்: `analogRead` இல்லாமல் `ADMUX`, `ADCSRA` ரெஜிஸ்டர்களை நேராக எழுதி அதையே ஓட்டிப் பாருங்கள். ஆர்டுயினோ என்ற பெயரைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ரெஜிஸ்டர் என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டாட் போர்டுல சால்டர் பண்ணினதை ஹார்ட்வேர்னு சொல்லலாமா? பிசிபி அடிக்கக் காசு இல்ல

தாராளமாகச் சொல்லலாம். டாட் போர்டில் செய்தது என்றே எழுதுங்கள். அங்கேயும் ஒரு அளவு இருக்கட்டும், பவர் சப்ளை பற்றி இருந்தால் இன்னும் நல்லது. மாணவர் சர்க்யூட்டில் 12 வோல்ட் அடாப்டர், 7805, அதற்குப் பின்னால் வைஃபை மாட்யூல் என்பது வழக்கமான அமைப்பு. சர்க்யூட் 200 மில்லிஆம்ப் இழுத்தால், மிச்சமுள்ள 7 வோல்ட்டும் 7805 மேலேயே விழும்: 7 × 0.2 = 1.4 வாட். ஹீட் சிங்க் இல்லாத TO-220 உறையில் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி ஏறும், ஆக 90 டிகிரிக்கு மேல். தொட்டால் சுடும். "7805 சூடானதை அளந்து, 9 வோல்ட் அடாப்டருக்கு மாறி இழப்பை 0.8 வாட்டாகக் குறைத்தேன்" என்பது பதினைந்து வார்த்தைக்குள் அடங்கும். படித்தவுடனே இவர் சர்க்யூட்டைக் கையால் தொட்டவர் என்று தெரிந்துவிடும்.

இன்ஸ்டிட்யூட்ல விஎல்எஸ்ஐ கோர்ஸ் படிச்சேன். அங்க குடுத்த 1x3 ரவுட்டர் புராஜெக்ட்டைப் போடலாமா?

போடலாம், ஆனால் அது மட்டுமே போதும் என்று இருக்காதீர்கள். 1x3 ரவுட்டர், ஏஎச்பி-ஏபிபி பிரிட்ஜ் இரண்டும் சில வருடங்களாகக் கட்டுக்கட்டாக வருகின்றன. வார்த்தைகூட மாறுவதில்லை. ஒரு மதியம் ஐந்து ரெஸ்யூமே பார்த்தேன், நான்கில் அதே ரவுட்டர், அதே மூன்று வாக்கியம்.

கொடுத்ததில் நீங்கள் மாற்றியது எது என்பதைத்தான் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் ஃபிஃபோவின் ஆழத்தை 16-லிருந்து 8 ஆக்கினீர்களா? ஆக்கியபோது எந்த அளவு பாக்கெட்டில் நிரம்பித் தள்ளாடியது? டிசைனில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்து, டெஸ்ட்பெஞ்ச் பிடிக்கிறதா என்று பார்த்தீர்களா? ஒன்றும் மாற்றவில்லை என்றால் இந்த வாரமே ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் நாலு பேர் சேர்ந்து செஞ்சோம். உண்மையைச் சொன்னா பாதி புராஜெக்ட் சென்டர்ல வாங்கினது...

வாங்கிய பாதியை எழுதாதீர்கள். மாட்டிக்கொள்ளும் பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, நன்றாகச் செய்திருந்தால்கூட அதைப் பற்றி இரண்டாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. மீதிப் பாதியில் உங்கள் கை பட்டது எதுவோ அதை மட்டும், "நால்வர் குழு, என் பங்கு: மோட்டார் டிரைவரும் கரன்ட் அளவீடும்" என்று எழுதுங்கள். சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஒன்றுமே இல்லையென்றால் தலைப்பைப் படிப்புப் பகுதியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டு, புராஜெக்ட் பகுதியை டாட் போர்டு வேலையால் நிரப்புங்கள்.

வெரிஃபிகேஷன் வேலைக்கு "100% ஃபங்ஷனல் கவரேஜ்"னு போட்டா நல்லா இருக்குமா?

உண்மையாக இருந்தால் நல்லது. ஆனால் அந்த வரியில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். டூல் என்று ஐகாரஸ் வெரிலாக்கைப் போட்டு, பக்கத்திலேயே ஃபங்ஷனல் கவரேஜ் என்று போட்டிருப்பார்கள். ஐகாரஸில் `covergroup` ஓடாது. அப்புறம் அந்த 100 எங்கிருந்து வந்தது? கையால் கவுன்ட்டர் வைத்து எண்ணியிருந்தால் அப்படியே சொல்லுங்கள், அது மரியாதையான பதில். கவரேஜ் வசதியுள்ள சிமுலேட்டரை இடிஏ பிளேகிரவுண்டில் ஓட்டியிருந்தால் அந்தச் சிமுலேட்டரின் பெயரைப் போடுங்கள்.

அடுத்த கேள்வி "எத்தனை bin வைத்தீர்கள்?" என்பதாக இருக்கும். இரண்டே bin வைத்தால் 100 எளிதில் வந்துவிடும். அதனால் சதவிகிதத்தை விட, எந்தச் சூழல்களையெல்லாம் bin ஆக வைத்தீர்கள் என்பதற்கு இடம் கொடுங்கள். யுஆர்ட் என்றால்: ஸ்டாப் பிட் தவறி வருவது, இரண்டு பைட் இடைவெளியில்லாமல் வருவது, பைட்டின் நடுவில் ரீசெட் விழுவது. "92%, மீதி ரீசெட் சூழல்கள்" என்று எழுதியிருந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமேதான் எனக்கு 100 போட்டவர்களுடையதை விட நம்பும்படி இருந்தது.

சிஜிபிஏ 6.4. மறைச்சுடலாமா?

மறைக்க வேண்டாம், எப்படியும் ஃபாரத்தில் கேட்பார்கள். படிப்பு வரியில் அமைதியாகப் போட்டுவிட்டு நகருங்கள். கட்-ஆஃப் வைத்த கம்பெனியில் ரெஸ்யூமே எதுவும் செய்ய முடியாது. வைக்காத சின்ன கம்பெனிகளைத் தேடிப் போங்கள், அங்கே புராஜெக்ட்டைப் படிக்க ஆள் இருப்பார்கள்.

இவ்ளோ நம்பர் போட்டுட்டு இன்டர்வியூல ஒண்ணு மறந்து போச்சுன்னா?

மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுங்கள். பாட் பிழை எவ்வளவு என்று நினைவில்லையா? 100 மெகாஹெர்ட்ஸ் தெரியும், 115200 தெரியும், 16 தெரியும். மூன்றையும் எழுதி வகுத்தால் 54.25 வந்து நிற்கும், கால் பங்கை வெட்டினேன் என்பதும் கூடவே நினைவுக்கு வரும். ஏடிசி படியும் அப்படித்தான், 5-ஐ 1024 ஆல் வகுப்பதுதானே. வகுத்து எடுக்க முடியாத எண்கள் சில இருக்கும்: 49 ஃப்ளிப்ஃப்ளாப், ஒரு லட்சம் பைட் போன்றவை. அவற்றை மட்டும் முந்தின இரவு ரிப்போர்ட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டு போங்கள்.